சப்ளையரின் மேலதிகாரிக்குப் புகார் எழுதுவது எப்படி?

கேள்வி: மதுரையில் சின்னதாக பேக்கிங் யூனிட் வைத்திருக்கிறேன். சப்ளையரின் சேல்ஸ்மேனிடம் புகார் சொன்னால் "பார்க்கிறோம் சார்" என்றே இழுக்கிறார். அவருக்கு மேலே உள்ளவருக்கு எழுதலாம் என்று இருக்கிறேன். எப்படி எழுதினால் காரியம் நடக்கும்?

பதில்: வில்லாபுரம் பக்கம் எங்களுக்கு அப்பள யூனிட். மழைக்காலத்தில் வந்த பாக்கெட் பிலிம் ரோலில் சீல் நிற்காமல் பிரிந்தது. காற்று புகுந்து அப்பளம் நமுத்துப்போய், கீழமாசி வீதிக் கடைகளிலிருந்து சரக்கு திரும்பி வந்தது. அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில், யாருக்கு எழுதுவது? மாற்று ரோல் அனுப்பவும் கிரெடிட் நோட் போடவும் எவர் கையெழுத்து வேண்டுமோ அவருக்கு. சேல்ஸ்மேனுக்கு அந்த அதிகாரம் பெரும்பாலும் இருக்காது, அவர் இழுப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் கேட்டால் பெயர் சொல்லிவிடுவார்கள். எழுதுவதற்கு முந்தின நாள் சேல்ஸ்மேனிடமும் சொல்லிவிடுங்கள், மெயிலில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்மேல் குறை எதுவும் எழுத வேண்டாம். மேலதிகாரி விவரம் கேட்கப்போவது அவரிடம்தான்.

அடுத்தது ஆதாரம். பிலிம் புகார் என்றால் முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: "உங்க மெஷின்ல சூடு சரியில்லை." அவர்கள் கேட்பதற்கு முன்பே அதற்குப் பதில் கையில் இருக்க வேண்டும். நாங்கள் அதே மெஷினில், அதே சூட்டில், பழைய ரோலில் 50 பாக்கெட்டும் புது ரோலில் 50 பாக்கெட்டும் ஓட்டினோம். ஒவ்வொன்றையும் தண்ணீரில் அமுக்கி, சீல் வழியாகக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். ரோல் லேபிள், மெஷினின் சூடு காட்டும் இடம், குமிழி வரும் பாக்கெட், மூன்றும் வெட்டாமல் ஒரே வீடியோவில் தெரிய எடுத்தோம். மீதி ரோல்களைப் பிரிக்காமல் எடுத்துவைத்தோம். குறை தெரிந்த பிறகும் அதையே ஓட்டிக்கொண்டிருந்தால், சரக்கை ஏற்றுக்கொண்டீர்கள் என்று அவர்கள் வாதாட இடம் கிடைத்துவிடும்.

மெயில் இப்படி இருந்தால் போதும்:

"பொருள்: இன்வாய்ஸ் 2147 – பாக்கெட் பிலிம் சீல் பிரிதல் – நவம்பர் 28-க்குள் தீர்வு தேவை

வணக்கம் ஐயா. நவம்பர் 3 அன்று 6 ரோல் வந்தது. 8-ஆம் தேதி உங்கள் விற்பனைப் பிரதிநிதிக்கு மெயிலில் புகார் கொடுத்தோம், இன்றுவரை யாரும் வந்து பார்க்கவில்லை. சோதனையில் புது ரோலின் 50 பாக்கெட்டில் 9 பிரிந்தன, பழைய ரோலில் ஒன்றும் பிரியவில்லை. வீடியோ இணைத்துள்ளோம். கடைகளிலிருந்து திரும்பியவை 1,140 பாக்கெட், ஒன்று ரூ.22 வீதம் ரூ.25,080. இரண்டு கடைகள் அடுத்த ஆர்டரை நிறுத்தி வைத்துள்ளன. 22-ஆம் தேதிக்குள் உங்கள் தரப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து பார்க்க வேண்டும். 28-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் பிரிக்காத 4 ரோலுக்கு மாற்றும், ரூ.25,080-க்கு கிரெடிட் நோட்டும் வேண்டும். இல்லையென்றால் 4 ரோலையும் திருப்பி அனுப்பி, அவற்றின் தொகையை நிறுத்திவைத்து, டிசம்பர் ஆர்டரை வேறு இடத்தில் கொடுப்போம்."

நஷ்டக் கணக்கில் ரிட்டர்ன் சிட்டையில் இருப்பதை மட்டும் ரூபாயாகப் போட்டிருப்பதைக் கவனியுங்கள். நின்றுபோன ஆர்டரைச் சொல்லியிருக்கிறது, அதற்கு விலை போடவில்லை. "பெயர் கெட்டுப்போச்சு, ஒரு லட்சம் நஷ்டம்" என்று ஒரு வரி சேர்த்தால், சிட்டையோடு இருக்கும் 25,080-ஐயும் சேர்த்துப் பேரம் பேசுவார்கள்.

கெடு இரண்டாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஆள் அனுப்புவது ஒரு போன் காலில் முடியும், அதற்கு இரண்டு நாள் போதும். ரோல் புதிதாக அச்சாகி வர நாள் பிடிக்கும். முதல் கெடு தாண்டினாலே அவர்கள் போக்கு தெரிந்துவிடும். கடைசி வரியில் உங்களால் உண்மையில் செய்ய முடிந்ததை மட்டும் எழுதுங்கள்.

பணத்தை நிறுத்துவதில் ஒரு சட்ட விஷயம் இருக்கிறது. சப்ளையர் குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவர் என்றால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் வட்டி. ஆனால் சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லியிருந்தால், அதை அவர்கள் தீர்த்துவைத்த நாளிலிருந்துதான் அந்தக் கணக்கு ஓடும். போனில் சொன்னதை மட்டும் நம்பி இருக்காமல், முதல் புகாரையே மெயிலில் அனுப்பச் சொல்வது இதனால்தான்.

"விசாரித்துக்கொண்டிருக்கிறோம்" என்று மட்டும் பதில் வந்தால், யார் வருகிறார், எந்தத் தேதியில் என்று அன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். தேதி கொடுத்தால் அதுவரை பொறுக்கலாம். தேதி இல்லாமல் அவகாசம் மட்டும் கேட்டால், 28 மாலை தாண்டியதும் ரோலை வண்டியில் ஏற்றிவிட்டு, எல்.ஆர். காப்பியை அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கள்.