மருத்துவர் பதில்: புதியவை எதுவும் வேண்டாம் என்கிறார் அப்பா

கேள்வி: என் தந்தைக்கு 72 வயது. தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியர் சங்கத்தில் செயலாளர் பொறுப்பு தேடி வந்தும் மறுத்துவிட்டார். கல்யாணங்களுக்குப் போவதில்லை, மொய்ப் பணத்தை மட்டும் கொடுத்து அனுப்புகிறார். நான் சேர்த்துவிட்ட கணினி வகுப்புக்கு இரண்டு நாள் போய் நின்றுவிட்டார். ஆனால் தினமும் மாலையில் பழைய நண்பர் ஒருவருடன் குளக்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார், பேத்திக்குக் கதை சொல்கிறார். இது மனச்சோர்வா, மறதிநோயின் தொடக்கமா? — வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதத்தில் என் கவனத்தை முதலில் இழுத்தது அவர் விட்டுவிட்டவற்றின் பட்டியல் அல்ல, "ஆனால்" என்று நீங்கள் தொடங்கிய அந்த ஒரு வரிதான். அதில் உள்ள இரண்டு செய்திகளும் மனச்சோர்வுக்கு எதிரான சாட்சிகள். அவற்றை வைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமலே என்னால் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் முன்வைத்த சமூக உணர்வுசார் தேர்ந்தெடுப்புக் கோட்பாடு இந்த மாற்றத்தைத்தான் விளக்குகிறது. 1990-இல் வெளியான ஓர் ஆய்வில் அவரும் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் எல்லா வயதினரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். உங்களுக்கு அரை மணி நேரம் ஓய்வு கிடைக்கிறது. நெருங்கிய குடும்பத்தினர் ஒருவர், அண்மையில் அறிமுகமாகி உங்களோடு ஒத்துப்போவார் என்று தோன்றும் ஒருவர், நீங்கள் இப்போதுதான் படித்து முடித்த புத்தகத்தின் ஆசிரியர் ஆகிய மூவரில் யாரோடு அதைக் கழிப்பீர்கள்? முதியவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தினரைத் தேர்ந்தெடுத்தார்கள். இளையவர்களின் தேர்வு மூவருக்கும் இடையே பரவிக் கிடந்தது. இத்தோடு நின்றிருந்தால், வயதானால் மனம் சுருங்கிவிடுகிறது என்றே எவரும் முடிவு கட்டியிருப்பார்கள். ஆனால், குடும்பத்தை விட்டுத் தனியாகத் தொலைவான ஊருக்குச் சீக்கிரமே குடிபெயரப் போவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள் என்று சொன்னதும், இளையவர்களும் முதியவர்களைப் போலவே நெருங்கியவர்களின் பக்கம் சாய்ந்தார்கள். பின்னர் நடந்த ஆய்வு ஒன்றில் இதன் மறுபக்கத்தைச் சோதித்தார்கள். எதிர்பார்த்ததைவிட இன்னும் 20 ஆண்டுகள் ஓரளவு நல்ல உடல்நலத்தோடு வாழ வழி செய்யும் மருத்துவக் கண்டுபிடிப்பு ஒன்று வந்திருப்பதாக உங்கள் மருத்துவர் தொலைபேசியில் சொல்கிறார் என்று கற்பனை செய்யச் சொன்னபோது, முதியவர்களிடம் அந்தச் சாய்வு மறைந்துபோனது. 1997-இல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்படுவதற்கு முந்தைய மாதங்களில் அங்கிருந்த இளைஞர்களும் நெருங்கியவர்களையே நாடியதாகவும், ஓராண்டு கழித்து அவர்கள் பழைய நிலைக்குத் திரும்பியதாகவும் ஹெலீன் ஃபங்கும் கார்ஸ்டென்சனும் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆகவே இங்கே வேலை செய்வது வயது அல்ல, எதிரே எவ்வளவு காலம் இருக்கிறது என்னும் உணர்வு. காலம் நீளமாகத் தெரியும்போது அறிமுகங்களையும் அறிவையும் பதவியையும் சேர்த்து வைக்கிறோம், ஏனென்றால் அவற்றின் பலன் பின்னால் வரும். காலம் குறுகித் தெரியும்போது, இன்றே நிறைவு தருவதற்கு முதலிடம் கொடுக்கிறோம். உங்கள் தந்தைக்குச் செயலாளர் பதவி முதல் வகை, குளக்கரை இரண்டாவது வகை. பெர்லின் நகரில் எழுபது வயதைக் கடந்தவர்களிடம் நடந்த ஆய்வில், வயது கூடக் கூட உறவு வட்டத்தில் மேலோட்டமான அறிமுகங்களே பெரிதும் குறைந்திருந்தன. மிக நெருங்கியவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருந்தது.

இதை ஒரு மருத்துவர் அறிந்திருக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. முதியோர் மனச்சோர்வைக் கண்டறிய நாங்கள் பயன்படுத்தும் 15 கேள்விகள் கொண்ட அளவுகோலில், "உங்கள் செயல்பாடுகளையும் ஆர்வங்களையும் பெருமளவு விட்டுவிட்டீர்களா?" என்று ஒரு கேள்வியும், "வெளியே போய்ப் புதியவற்றைச் செய்வதைவிட வீட்டிலேயே இருக்க விரும்புகிறீர்களா?" என்று இன்னொன்றும் உள்ளன. "ஆம்" என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். 5 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வைச் சந்தேகிப்போம். மனம் நலமாக இருக்கும் முதியவரும் இந்த இரண்டையும் "ஆம்" என்று சொல்லிப் பாதி வழி வந்துவிட முடியும். அதனால் மொத்த எண்ணைவிட, மதிப்பெண் எந்தக் கேள்விகளில் விழுந்தது என்பதையே நான் முதலில் பார்ப்பது வழக்கம்.

என்னிடம் வந்த ஒரு பாட்டி இந்த இரண்டு கேள்விகளிலும், மறதி பற்றிய கேள்வியிலும் மதிப்பெண் பெற்று 3-இல் நின்றார். வாழ்க்கை வெறுமையாக இருக்கிறதா, யாருக்கும் பயனில்லாதவர் என்று தோன்றுகிறதா என்பவற்றுக்கு அவர் என்னைச் சற்று வேடிக்கையாகப் பார்த்து "இல்லை" என்றார். அதே வாரம் வந்த ஓய்வுபெற்ற வியாபாரி ஒருவரும் வெளியில் போவதில்லை என்றுதான் அழைத்துவரப்பட்டார். அவருடைய மதிப்பெண் 9. ஆனால் அதைவிட முக்கியம், வெளியூரிலிருந்து வந்த பேரனை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்று மனைவி சொன்னதுதான். விடியற்காலை நான்கு மணிக்கே விழிப்பு, இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ எடைக்குறைவு, சாப்பாட்டில் ருசியின்மை எல்லாம் பின்னால் வந்தன. தேர்ந்தெடுக்கிறவர் வெளிவட்டத்தைத்தான் உதிர்க்கிறார்; மனச்சோர்வோ உள்வட்டத்தையும் விட்டுவைப்பதில்லை. மறதிநோயின் தொடக்கத்திலும் சிலருக்கு ஆர்வம் வற்றிப்போகும். அப்போது உறவினரின் வருகையில்கூட அக்கறை குறையும். கூடவே சொன்னதையே சொல்வதும், பழகிய வங்கி வேலையில் தடுமாறுவதும் சேர்ந்துகொள்ளும்.

இருந்தாலும் உங்கள் தந்தையின் விஷயத்தில் ஒன்றை நான் அப்படியே விட்டுவிட மாட்டேன். கல்யாண மண்டபம், வகுப்பறை, சங்கக் கூட்டம் ஆகிய மூன்றும் இரைச்சலான இடங்கள். குளக்கரை அமைதியானது, எதிரில் ஒருவர்தான். வயதினால் வரும் காது மந்தமும் மிகச் சரியாக இதே தோற்றத்தைத் தரும். எதிரில் ஒருவர் பேசினால் கேட்கும், பலர் சேர்ந்து பேசினால் சொற்கள் கலங்கிவிடும். கேட்கவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, வர விருப்பமில்லை என்று சொல்லிவிடுவார்கள். தொலைக்காட்சியின் சத்தத்தை அவர் கூட்டிவைக்கிறாரா, பேத்தியின் மெல்லிய குரலைத் திரும்பக் கேட்கிறாரா என்று கவனியுங்கள். எப்படியானாலும் ஒருமுறை காது மருத்துவரிடம் காட்டி ஆடியோமெட்ரி எடுத்துவிடுங்கள். அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருப்பதாலும், மூட்டு வலியாலும் ஒதுங்குகிறவர்களும் உண்டு. நேரடியாகக் கேட்டால் ஒழியச் சொல்ல மாட்டார்கள்.

காது நன்றாகவே இருக்கிறது என்று தெரிந்தால், சங்கப் பொறுப்பைப் பற்றி மீண்டும் வற்புறுத்த வேண்டாம். கணினியை மட்டும் வேறு வழியாக முயலலாம். எக்செல் கற்பதில் அவருக்கு நாட்டம் இராது. பேத்தி சொல்லிக்கொடுத்து, வெளியூரில் இருக்கும் தங்கையோடு வீடியோ அழைப்பில் பேசுவதற்கென்றால் ஒரே மாலையில் கற்றுக்கொள்ளக்கூடும். புதியதைக் கற்கும் திறன் போய்விட்டது என்று இந்தக் கோட்பாடு சொல்வதில்லை; எதற்காகக் கற்பது என்பதுதான் மாறுகிறது.

சிறிய வட்டத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அந்த நண்பர் நோயில் படுத்துவிட்டாலோ மகன் வீட்டோடு வெளியூர் போய்விட்டாலோ, உங்கள் தந்தையின் மாலைப்பொழுது ஒரே நாளில் காலியாகிவிடும். அவருடைய பழைய சக ஆசிரியர்களில் வேறு யாராவது ஊரில் இருக்கிறார்களா என்று மெல்ல விசாரித்து வையுங்கள். நண்பர் நலமாக இருந்தும் குளக்கரைக்குப் போவதையோ, பேத்திக்குக் கதை சொல்வதையோ அவர் தொடர்ந்து இரண்டு வாரம் நிறுத்தியிருந்தால், அதற்குமேல் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.