ஆய்வுக்குப் பதில் கேட்கும் செய்தியை எப்படி எழுதுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பல, பல்கலைக்கழக மாணவர்கள் ஊரவர்களிடம் அனுப்பும் ஆய்வு வேண்டுகோள் பற்றியவை. ஒன்றோடொன்று தொடர்புள்ளதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

"பெண் தலைமைக் குடும்பங்களின் நுண்நிதிக் கடன் பற்றி இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன். வட்ஸ்அப் குழுக்களில் செய்தி போட்டேன். பதில் மிகக் குறைவு. வந்த பதில்களும் நம்பும்படி இல்லை. செய்தியையும் படிவத்தையும் இணைத்திருக்கிறேன். எங்கே பிழை?" (மாணவி, கிளிநொச்சி)

நீங்கள் போட்ட செய்தி இது: "அன்புடையீர், வன்னிப் பெண்களின் வாழ்வாதார மேம்பாட்டுக்காக ஓர் ஆய்வு செய்கிறேன். 2 நிமிடம் மட்டும் ஒதுக்கி இந்தப் படிவத்தை நிரப்பித் தாருங்கள். உங்கள் விபரங்கள் 100 வீதம் இரகசியமாகப் பாதுகாக்கப்படும். உங்கள் பதில் எமது பிரதேசத்தின் எதிர்காலத்தை மாற்றும்."

படிவத்தைத் திறந்தால் 34 கேள்விகள். முதல் பக்கத்திலேயே பெயர், தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், கிராம சேவகர் பிரிவு. நடுப்பகுதியில் மொத்தக் கடன் எவ்வளவு, எத்தனை தவணை கட்டவில்லை, வசூலிக்க வந்தவர் எப்படி நடந்துகொண்டார் என்ற கேள்விகள். செய்தியில் கடன் என்ற சொல்லே இல்லை. இரண்டு நிமிடத்தில் முதல் பக்கம்கூட முடியாது.

இதை நம் ஊரில் எப்படி வாசிப்பார்கள் என்று யோசியுங்கள். இடம்பெயர்ந்த காலப் பதிவு, வீட்டுத்திட்டம், வாழ்வாதார உதவி, இப்போது அஸ்வெசும என்று எங்கள் சனம் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை. அடையாள அட்டை இலக்கமும் "வாழ்வாதார மேம்பாடு" என்ற சொல்லும் ஒரே தாளில் வந்தால் அது உதவிப் பதிவு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அப்படி நினைப்பவர் கஷ்டத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார். இன்னொருவர் இது லோன் கம்பனிக்காரரின் வேலையோ என்று சந்தேகித்துக் கடனைக் குறைத்துச் சொல்வார். பதில்கள் நம்பும்படி இல்லாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் படிவத்தின் கடைசிப் பெட்டியைப் பாருங்கள். "வேறு கருத்துகள்" என்ற இடத்தில் "கிணறு கட்டித் தந்தால் நல்லம்", "எப்ப வந்து பார்ப்பீர்கள்" என்று எழுதியிருந்தால், உங்கள் நோக்கம் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

முதலில் படிவத்தைத் திருத்த வேண்டும். படிவம் மாறாமல் செய்தியை மட்டும் மாற்றினால் பொய் வேறு வடிவத்தில் வரும், அவ்வளவுதான். அடையாள அட்டை இலக்கம் உங்கள் ஆய்வின் எந்த அட்டவணைக்கும் வேண்டாம். எடுத்துவிடுங்கள். பெயரும் அப்படியே. பின்னர் நேரில் கதைக்க விரும்புபவரின் தொலைபேசி இலக்கத்தைத் தனியான இன்னொரு படிவத்தில் வாங்குங்கள். அந்தப் பட்டியல் பதில்களோடு சேரவே கூடாது.

கிராம சேவகர் பிரிவும் ஆபத்தான கேள்வி. பெயர் கேட்காவிட்டாலும், ஒரு சிறிய பிரிவில் "வயது 31, பிள்ளைகள் 4, தையல் வேலை" என்று மூன்று விபரம் இருந்தால் அந்த ஊரார் ஆளைச் சொல்லிவிடுவார்கள். அதனால் பிரதேச செயலகப் பிரிவோடு நிறுத்துங்கள். உங்கள் மாவட்டத்தில் கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிளைப்பள்ளி என்று நாலுதான். வயதையும் 26 முதல் 35 என்பதுபோலப் பிரித்துக் கேளுங்கள்.

ஆய்வின் அட்டவணைகளுக்கு வேண்டாத மற்றக் கேள்விகளையும் இப்படிக் குறைத்துக்கொண்டு வந்தால் உங்கள் கேள்விகள் 21 ஆகின்றன. இனிச் செய்தி இப்படி இருக்கலாம்:

> வணக்கம். நான் (பல்கலைக்கழகம், துறை) இறுதியாண்டு மாணவி (பெயர்). எனது பட்டப்படிப்பு ஆய்வுக்காக, குடும்பத்தைத் தனித்து நடத்தும் பெண்கள் எடுத்த நுண்நிதிக் கடன்கள் பற்றியும் அவற்றைக் கட்டுவது பற்றியும் கேட்கிறேன்.
>
> இது உதவித்திட்டப் பதிவு அல்ல. இதனால் பணமோ கடன் தள்ளுபடியோ கிடைக்காது. நான் எந்த அலுவலகத்துக்காகவும் கடன் நிறுவனத்துக்காகவும் இதைச் செய்யவில்லை.
>
> 21 கேள்விகள். முன்பு நிரப்பிப் பார்த்தவர்களுக்கு 12 முதல் 20 நிமிடம் எடுத்தது. கட்ட முடியாமல் போன தவணைகள் பற்றியும் கேட்கிறேன். விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிடலாம், இடையில் நிறுத்தவும் செய்யலாம்.
>
> பெயர், அடையாள அட்டை, தொலைபேசி இலக்கம் கேட்கவில்லை. பதில்களை நானும் என் மேற்பார்வையாளரும் பார்ப்போம். அறிக்கையில் பெரும்பாலும் எண்ணிக்கைகளாக வரும். நீங்கள் எழுதும் வசனம் ஏதும் சேர்த்தால் ஆளையும் ஊரையும் காட்டும் சொற்களை எடுத்துவிடுவேன். பெறுபேறு வந்து 6 மாதத்தில் பதில்களை அழிப்பேன். பெயர் இல்லாததால், அனுப்பிய பிறகு உங்கள் பதிலை மட்டும் தேடி நீக்க என்னால் முடியாது.
>
> கேள்வி இருந்தால்: (உங்கள் இலக்கம்). என்னைப் பற்றி விசாரிக்க: (மேற்பார்வையாளரின் இலக்கம்).

கடைசிக்கு முந்தைய பந்தியில் உள்ள "முடியாது" என்ற வரியை எடுக்கச் சொல்லி யாராவது ஆலோசனை தரலாம். எடுக்காதீர்கள். "எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்று எழுதிவிட்டுப் பிறகு கைவிரிப்பதைவிட இது நேர்மை. "100 வீதம் இரகசியம்" என்பதற்குப் பதிலாக யார் பார்ப்பார், எவ்வளவு காலம் இருக்கும் என்று சொல்லியிருக்கிறோம். இந்த இரண்டும்தான் உங்கள் கையில் உள்ளவை. 6 மாதம் என்பதைப் போடும் முன் துறையிடம் கேளுங்கள். தரவைக் கூடிய காலம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி அங்கே இருந்தால், அந்தக் காலத்தையே எழுதுங்கள். உங்கள் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி கிடைத்திருந்தால் அதையும் ஒரு வரியில் சேர்க்கலாம். விண்ணப்பம் மட்டும் கொடுத்த நிலையில் சேர்க்கக் கூடாது.

"கடன் என்று முதலே சொன்னால் பயந்து ஒதுங்குவார்கள். 'குடும்பப் பொருளாதாரம்' என்று போட்டு, நடுவில் கடனைக் கேட்டால் என்ன?" (மாணவன், வவுனியா)

ஒதுங்க விரும்புபவர் ஒதுங்கட்டும். அந்த உரிமையைத்தான் நீங்கள் தலைப்பை மறைத்து எடுத்துக்கொள்கிறீர்கள். நடைமுறையிலும் அது உதவாது. பாதிவழியில் கடன் கேள்வி வந்ததும் ஆள் திடுக்கிடுவார். அதிலிருந்து எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று தட்டிவிட்டு வெளியேறுவார். உங்கள் தரவில் முதல் 10 கேள்விக்கு விரிவான பதிலும் அதன் பிறகு ஒரே மாதிரியான "இல்லை"யும் வரிசையாக நின்றால், நடந்தது இதுதான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடலாம்: உங்கள் கருதுகோளை. "கடன் தவணையால்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்துகிறார்களா என்று பார்க்கிறேன்" என்று எழுதினால், பதில் தருபவர் உங்களுக்குப் பிடித்த பதிலைத் தரப் பார்ப்பார். "கடன் பற்றியும் பிள்ளைகளின் படிப்பு பற்றியும் கேட்கிறேன்" என்பது போதும். எதைக் கேட்கப் போகிறீர்கள் என்பது முழுதாகத் தெரிய வேண்டும். எந்த முடிவை எதிர்பார்க்கிறீர்கள் என்பது தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று, பணம் தருபவர் யார் என்பதும் நோக்கத்தில் அடங்கும். ஒரு நிறுவனம் உங்கள் பயணச் செலவைக் கொடுத்து, அறிக்கையின் பிரதியையும் கேட்டிருந்தால் அதை எழுதத்தான் வேண்டும்.

"எத்தனை நிமிடம் என்று எப்படிக் கணக்கெடுப்பது? 5 நிமிடம் என்று போடு, அப்போதுதான் திறப்பார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்." (மாணவி, மன்னார்)

திறப்பார்கள், சரி. ஆறாவது நிமிடத்தில் மூடுவார்கள். அரைகுறையாக விட்டவர்களை நீங்கள் காணவே மாட்டீர்கள். கூகுள் படிவத்தில் அனுப்பு என்ற பொத்தானை அழுத்தாதவரின் பதில் உங்களுக்கு வராது.

வகுப்பு நண்பர்களை வைத்து அளக்காதீர்கள். அவர்கள் வேகமாக வாசிப்பார்கள், உங்கள் கேள்விகளும் அவர்களுக்குப் பழக்கம். யாரிடம் கேட்கப் போகிறீர்களோ அவர்களைப் போன்ற ஐந்தாறு பேரைப் பிடியுங்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவராவது இருக்கட்டும். அவர்கள் தங்கள் சொந்தக் கைத்தொலைபேசியிலேயே நிரப்பட்டும். பக்கத்தில் இருந்து நேரத்தைக் குறியுங்கள், உதவி செய்யாதீர்கள். வந்த நேரங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் இருப்பதையும் மிகக் கூடியதையும் எடுங்கள். 9, 11, 12, 14, 20 என்று வந்தால் "12 முதல் 20 நிமிடம்". மிகக் குறைந்த 9ஐப் போட ஆசை வரும். வேண்டாம்.

வீட்டுக்குப் போய்க் கேட்பதென்றால் இதே கணக்கு பொருந்தாது. தேத்தண்ணி வைத்துத் தருவார்கள், கதை வரும், பிள்ளை அழும். ஒரு மணித்தியாலம் ஆகுமென்றால் அதைச் சொல்லி, எந்த நேரம் வசதி என்று அவரிடமே கேளுங்கள். அறுவடைக் காலத்தில் வயலுக்குப் போகிறவரிடம் காலையில் போய் நிற்காதீர்கள்.

நேரம் கூடிப்போனால் கேள்வியைத்தான் குறைக்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் ஆய்வேட்டின் எந்த அட்டவணைக்குப் போகிறது என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இடம் இல்லாத கேள்வி வெளியே.

"பெயர் கேட்கவில்லை என்று எழுதினேன். ஆனால் பதில் அட்டவணையில் மின்னஞ்சல் முகவரி வருகிறதே?" (மாணவன், முல்லைத்தீவு)

கூகுள் படிவத்தின் Settings பகுதியில், Responses என்பதன் கீழ் `Collect email addresses` இருக்கிறது. அதை `Do not collect` என்று மாற்றுங்கள். புகைப்படமோ கடன் புத்தகப் பிரதியோ பதிவேற்றச் சொல்லும் கேள்வி இருந்தால் அதையும் எடுங்கள். அதற்கு கூகுள் கணக்கில் நுழைய வேண்டும், கோப்போடு பெயரும் சேர்ந்து வரும். அனுப்பிய நேரம் எப்படியும் பதிவாகும். குழுவில் "நான் இப்போ நிரப்பிட்டேன்" என்று ஒருவர் எழுதினால் அந்த நேரத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கலாம். ஆகவே பகுப்பாய்வு தொடங்க முன் உங்கள் பிரதியில் அந்த நிரலை அழியுங்கள்.

ஏற்கனவே வந்த முகவரிகளை என்ன செய்வது? அவற்றை நீக்கிவிட்டு, அதே குழுவில் விஷயத்தை ஒரு செய்தியாகச் சொல்லுங்கள். மேற்பார்வையாளருக்கும் அறிவியுங்கள்.

"நான் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவி. மாணவர்கள் படிவத்தைத் தந்து, யார் நிரப்பவில்லை என்று பார்த்துச் சொல்லுங்கோ என்கிறார்கள். சொல்லலாமா?" (வாசகி, புதுக்குடியிருப்பு)

வேண்டாம் அக்கா. சங்கத் தலைவி கேட்டால் மறுக்க முடியாது என்று உறுப்பினர்கள் நினைப்பார்கள். நிரப்பாதவரின் பெயர் ஒரு பட்டியலில் ஏறினால், நாளைக்கு ஒரு கோழிக்குஞ்சுத் திட்டம் வரும்போது அந்தப் பட்டியல் நினைவுக்கு வரும் என்றும் பயப்படுவார்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சொன்ன நோக்கத்துக்கு வேண்டியதற்கு மேல் தகவல் சேர்க்கக் கூடாது என்ற அடிப்படையில்தான் நிற்கிறது. மறுத்தவர்களின் பட்டியல் எந்த ஆய்வுக்கும் வேண்டியதில்லை. எத்தனை பேருக்குச் செய்தி போனது என்ற எண்ணிக்கை போதும்.

படிவத்தைக் குழுவில் போடும்போது "இது சங்க வேலை இல்லை, விருப்பமானவர் மட்டும்" என்று உங்கள் சொல்லில் ஒரு வரி சேருங்கள். நிரப்பியவரும் நிரப்பாதவரும் உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை என்றும் எழுதுங்கள். பதில்கள் நேரே மாணவருக்குப் போகட்டும். காகிதப் படிவம் என்றால் உறையில் போட்டு ஒட்டித் தரச் சொல்லுங்கள்.