பார்க்கின்சன் வந்த வீட்டில் மனைவி நர்ஸாக மாறுவது ஏன்?

"மும்பை செம்பூரில் இருக்கிறோம். கணவருக்குப் பார்க்கின்சன். நான் மனைவியா, நர்ஸா என்றே தெரியவில்லை. ஏன் இப்படி ஆகிறது?"

பேச்செல்லாம் மாத்திரை, மலச்சிக்கல், குளியல் என்று சுருங்கி, பராமரிப்பே உறவாகிவிடும் நிலை இது. இந்த நோயின் உடல் இறுக்கத்துக்குத் தரும் லெவோடோபா மாத்திரை போட்டு அரை மணி, ஒரு மணி நேரத்தில் உடல் இளகும். சில மணி நேரம்தான் அது நீடிக்கும். குழாயில் தண்ணீர் வரும் நேரமெல்லாம் குடம் நிரப்புவதிலேயே கழிவதுபோல, அந்த நல்ல நேரம் முழுக்கக் குளிப்பாட்டவும் நடக்கவைக்கவும் போய்விடுகிறது. பேச உட்காரும்போது அவர் மறுபடி இறுகியிருப்பார், பாவம். முடிந்தால் காலைக் குளியலை உதவியாளரிடம் விடுங்கள். மாலை மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் காபியோடு சும்மா பேசுங்கள். மருந்துப் பேச்சு வேண்டாம்.

அவர் சிரிக்காததை அன்பு குறைந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். முகத்தசை இறுகுவதும் குரல் தாழ்வதும் இந்த நோயின் அறிகுறிகள்.