ஆறு மாதமாகக் குடிக்காத நண்பனுக்கு என்ன எழுதுவது?

வணக்கம். நாங்கள் களுவாஞ்சிக்குடிப் பக்கம். என்னோடு சின்ன வகுப்பிலிருந்து படித்தவன் ஒருவன், படுவான்கரையில் வயல் செய்கிறான். சாராயம், கசிப்பு என்று வருடக்கணக்காகக் குடித்தவன். குடியை ஒரேயடியாக விட்டபோது வலிப்பு வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதிலிருந்து ஒழுங்காகக் கிளினிக் போகிறான். வருகிற வெள்ளியோடு ஆறு மாதம். எங்கள் பள்ளிக்கூட வட்ஸ்அப் குழுவில் போட இதை எழுதி வைத்திருக்கிறேன்:

"மச்சான், ஆறு மாசம்! நீ வென்டிட்டாய். இனி உன்ன ஒண்டும் அசைக்கேலா. திரும்பக் குடிச்சியெண்டா என்ட முகத்தில முழிக்காத."

அறுவடையும் முடிகிறது, இரவில் வாடியில் ஒரு சாப்பாடு போடுவோம் என்கிறார்கள் கூட்டாளிமார். சரிதானா?

— ஒரு நண்பன்

தம்பிக்கு,

உங்கள் கடைசி வரியை முதலில் எடுத்துவிடுங்கள். பாசத்தில் எழுதியது என்று எனக்கு விளங்குகிறது, அவருக்கும் விளங்கும். ஆனால் குடியை விட்டவர்களில் பலர் இடையில் ஒருநாள் சறுக்குகிறார்கள். அந்த முதல் கிளாஸை விட, அதற்குப் பின்னால் வரும் வெட்கம்தான் ஆளை விழுத்துகிறது. "எல்லாம் போச்சு, இனி என்ன" என்ற நினைப்பிலேயே போத்தல் காலியாகும். அந்த நேரத்தில் உங்கள் வரி அவருடைய ஞாபகத்துக்கு வந்தால், ஊரில் யாருக்குச் சொன்னாலும் உங்களுக்கு மட்டும் சொல்லமாட்டார்.

அவர் விஷயத்தில் யாருக்காவது தெரிந்தேயாக வேண்டும். ஏற்கனவே வலிப்பு வந்தவர். ஒளித்து ஒளித்துப் பல நாள் குடித்துவிட்டுப் பயத்தில் சட்டென்று நிறுத்தினால், ஓரிரு நாளுக்குள் கைநடுக்கம், வியர்வை, மறுபடி வலிப்பு என்று வரலாம். வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஒருநாள் சறுக்கலோடு உங்களிடம் வந்துவிட்டால், அடுத்த நாளே கிளினிக்கில் சொல்லிச் சமாளிக்கலாம். இரவில் பேச ஆள் தேவைப்பட்டால் 1926 இருக்கிறது, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

"வென்டிட்டாய்" என்ற சொல்லும் வேண்டாம். ஆறு மாதத்திலும் சிலருக்கு நித்திரை ஒழுங்காக வராது, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும், சந்தோசமான இடத்தில் மனம் ஒட்டாது. மூளை பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் காலம் அது. விடியவிடிய முழித்துக் கிடக்கிறவரிடம் வென்றுவிட்டாய் என்றால், அந்தக் கஷ்டத்தை அவர் மறைக்கத் தொடங்குவார். இல்லாவிட்டால், வென்றாச்சே, ஒரு கிளாஸ் என்ன செய்யும் என்று தோன்றும். இரண்டாவதைத்தான் நான் கூடுதலாகக் கண்டிருக்கிறேன்.

குழுவிலும் போடாதீர்கள். அவரோடு குடித்தவர்களும் அதில் இருப்பார்கள். தன் ஆறு மாதத்தை யாருக்குச் சொல்வதென்பது அவருடைய முடிவு. தனியாக அனுப்புங்கள், உங்கள் கண்ணால் கண்ட ஒன்றை எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"மச்சான், வெள்ளியோட ஆறு மாசம் எண்டு எனக்கு ஞாபகம் இருக்கு. மழைக்குள்ளயும் கிளினிக் நாள் விடாமப் போனதக் கண்டனான். நித்திரை இல்லாட்டி, குடிக்க ஆசை வந்தா, ஏன் குடிச்சே போட்டாலும், எந்தச் சாமத்திலயும் கோல் எடு. நான் ஏசமாட்டன். பதில் போடணும் எண்டில்ல."

"குடிச்சே போட்டாலும்" என்று எழுதினால் குடிக்க அனுமதி கொடுத்ததாகிவிடாதா என்று நீங்கள் பயப்படலாம். ஆகாது. ஆசை வரும்போதே கோல் எடு என்பதுதான் அதில் முன்னால் நிற்கிறது. கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தவர்தான் குடிக்க முந்திப் பேசுவார்.

வாடிச் சாப்பாட்டை விடுங்கள். யானைக் காவல் இரவுகளில் எத்தனை வருடம் அந்த வாடியில் இருந்து குடித்திருப்பார். அந்த இடமும் இருட்டும் அதே ஆட்களும் சேர்ந்தால், போத்தல் இல்லாவிட்டாலும் உடம்பு அதைத் தேடும். கூட்டாளிமாரில் ஒருவர் மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் ஒன்றைக் கொண்டுவந்தால் மறுகா சொல்லத் தேவையில்லை. அவருக்கு விருப்பமா என்று முதலில் கேளுங்கள். ஓம் என்றால், பகலில், உங்கள் வீட்டில், அவருடைய மனைவி பிள்ளைகளோடு மீன்கறிச் சோறு போதும்.

இன்னொன்று, வெள்ளிக்கிழமையை விட நான் பயப்படும் நாள் நெல் விற்ற காசு கைக்கு வரும் நாள். கையில் காசு, வேலை முடிந்த களைப்பு, பின்னேரப் பொழுது. அன்று இருட்ட முந்தி அவர் வீட்டுப் பக்கம் போங்கள். குடித்தாயா என்று கேட்காதீர்கள், வாயை மோந்து பார்க்காதீர்கள். கடைக்காரருக்குக் கொடுக்கவேண்டிய உரக்காசைக் கட்ட இருவருமாகப் போகலாமா என்று கேளுங்கள். மிச்சக் காசை அன்றே மனைவியிடம் கொடுப்பதா, வங்கியில் போடுவதா என்பதை இப்போதே அவரோடு பேசி வையுங்கள். அவர் சம்மதத்தோடுதான், அவருக்குத் தெரியாமல் வேண்டாம்.