குழந்தை தூங்கியும் தாய் தூங்காவிட்டால்

கேள்வி: மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து, குழந்தை பிறந்து 7 வாரம் ஆகிறது. ராத்திரி முழுக்கக் குழந்தையின் மூக்கில் விரல் வைத்து "மூச்சு இருக்கா ஆத்தா?" என்று என்னையும் எழுப்புகிறாள். குழந்தையோடு இரண்டாங்கட்டுக் கிணற்றுப் பக்கம் வர மாட்டேன் என்கிறாள். "பச்சை உடம்புக்காரி, போகப் போகச் சரியாயிடும்" என்கிறார் சம்பந்தியம்மா. பொறுத்திருக்கலாமா? (தேவகோட்டை வாசகி)

பதில்: வேண்டாம். இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சம்பந்தியம்மா சொல்வது முதல் 2 வாரத்துக்குச் சரி. பிரசவமான 2, 3 நாளில் அழுகையும் படபடப்பும் வரும், பெரும்பாலும் 2 வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். 7-வது வாரத்தில் கூடிக்கொண்டே போவது அந்த வகை இல்லை.

கவலைப்படாத தாய் கிடையாது. ஆனால் சாதாரணக் கவலைக்குப் பதில் கிடைத்தால் அது அடங்கும். மூச்சு சீராக இருக்கிறது என்று பார்த்தவள் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவாள். உங்கள் மகளுக்கு அந்த நிம்மதி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். ஐந்து நிமிடத்தில் மறுபடி விரல் போகிறது என்றால், பார்ப்பதே பயத்துக்குத் தீனியாகிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பச்சைக் குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சு விடும். நடுவில் 5, 10 விநாடி நிறுத்திவிட்டு மறுபடி வேகமாக விடும். இது இயல்பு. ராத்திரி முழுக்கப் பார்ப்பவளின் விரல் அந்த இடைவெளியில் படாமல் இருக்காது. பட்டதும் நெஞ்சு அடைக்கும், உங்களை எழுப்புவாள். (நிஜமாகவே பயப்பட வேண்டியவை வேறு: 20 விநாடி மூச்சு நிற்பது, உதடு நீலமாவது, விலாவுக்குக் கீழே குழி விழ மூச்சு வாங்குவது. அப்போது உடனே ஆஸ்பத்திரி.)

ஒரு ராத்திரி சோதித்துப் பாருங்கள். பத்து மணிக்குப் பால் கொடுத்ததும் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு, அவளை வேறு அறையில் படுக்க வையுங்கள். அடுத்த பாலுக்கு எழுப்புகிறேன் என்று சொல்லிவிடுங்கள். வெறும் அசதியாக இருந்தால் படுத்ததும் தூங்கிவிடுவாள். குழந்தை உங்கள் மடியில் பத்திரமாக இருந்தும் அவள் நெஞ்சு படபடக்க விழித்தே கிடந்தால், அது சிகிச்சை வேண்டிய நோய்.

கிணற்று விஷயத்துக்கு வருகிறேன். குழந்தையைத் தானே உள்ளே போட்டுவிடுவோமோ என்று ஒரு நினைப்பு அவளுக்குள் வெட்டிப் போகிறதோ என்னவோ. இப்படிப்பட்ட நினைப்பு எத்தனையோ தாய்மாருக்கு வருகிறது, வெளியே சொல்வதில்லை. தனியாக உட்காரவைத்து நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத நினைப்பு முளைத்துவிடாது. அந்த நினைப்பைக் கண்டு நடுங்கி, கிணற்றை விட்டு ஒதுங்குகிறவள் குழந்தையைக் காப்பாற்றத்தான் பார்க்கிறாள். "இப்படியுமா நினைப்பா ஒருத்தி?" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் டாக்டரிடமும் வாய் திறக்க மாட்டாள்.

நினைப்பைக் கண்டு பயமே இல்லாமல், குழந்தைக்குள் ஏதோ புகுந்திருக்கிறது, காதில் குரல் கேட்கிறது, தூக்கமே தேவையில்லை என்று தொடர்பில்லாமல் பேசினால் கதையே வேறு. செத்துப்போகலாம் என்று சொன்னாலும் அப்படித்தான். தாயையும் குழந்தையையும் தனியே விடாமல், அன்று ராத்திரியே 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும், வேப்பிலை அடிக்கலாம் என்று உட்காராதீர்கள்.

உங்கள் மகளுக்கு அவ்வளவு அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். கிளம்புவதற்குள் பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம். தைராய்டுக்கு டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தைராய்டு சுரப்பி வீங்கி, சில மாதம் ஹார்மோனை அதிகமாகக் கொட்டும். அப்போதும் இதே படபடப்பும் கை நடுக்கமும் தூக்கமின்மையும்தான், மருந்து வேறு.

மனநோய் என்றே தெரிந்தால் பேச்சுச் சிகிச்சை உண்டு, தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. பால் கொடுக்கும் தாய்க்குப் பெரும்பாலும் முதலில் எழுதும் செர்ட்ரலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே இறங்கும். பாலை நிறுத்த வேண்டியதில்லை. பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். நம் வீடுகளில் பத்தாவது நாளே "கேக்கலை, பாலும் கெட்டுரும்" என்று மாத்திரையைத் தூக்கிப் போடுவதுதான் வழக்கமாக நடக்கிற கோளாறு. சம்பந்தியம்மாவிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. "மூச்சு இருக்கா ஆத்தா?" என்றால் ஒரு தடவை பதில் சொல்லுங்கள். இரண்டாம் தடவை கேட்டால், "அடுத்த பாலுக்கு எந்திரிக்கும்போது பாப்போம்" என்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் பார்க்கவே கூடாது என்று தடுக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்பது முதலில் அரை மணிக்கு ஒரு தடவையாகட்டும், அப்புறம் பால் நேரத்துக்கு மட்டும் என்றாகட்டும்.