எட்டு பீரியடை ஐந்தாக்கினால் நேரம் மிஞ்சுமா?

கேள்வி: ஐயா, கடலூர் முதுநகர்ப் பக்கம் ஓர் உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை நான். இந்த வருடம் டைம்டேபிள் போடும் வேலையும் என் தலையில் விழுந்துவிட்டது. 40 நிமிடத்தில் 8 பீரியட். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு வாரத்துக்கு 7. “உட்கார்ந்து எழவே நேரம் சரியாக இருக்கிறது, நீளமான 5 பீரியடாக மாற்றுங்கள்” என்கிறார்கள் ஆசிரியர்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம் டீச்சர். குறைந்தபட்சம், இந்தக் காரணத்துக்காக வேண்டாம்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்கு ஃப்ரீ பீரியட் இருக்கும் நேரத்தில், பக்கத்து ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் கடிகாரத்தோடு உட்காருங்கள். நான் டைம்டேபிள் போட்ட காலத்தில் ஒரு பள்ளியில் இப்படி உட்கார்ந்து குறித்தது இன்னும் நினைவில் இருக்கிறது. 11.20க்கு மணி அடித்தது. ஆசிரியர் அடுத்த கட்டிடத்தின் மாடியில் ஆறாம் வகுப்பை முடித்துவிட்டு இறங்கி வந்து சேர்ந்தது 11.23. வணக்கம், உட்காருதல், “நோட்டை எடு”, வீட்டுப்பாடம் எழுதாதவர்களை எழுப்பி நிறுத்துதல். முதல் கணக்கின் முதல் வரி பலகையில் விழுந்தபோது 11.28. அடுத்தது விளையாட்டு பீரியட் என்பதால் 11.58க்கே பைகள் மூடத் தொடங்கின. 40 நிமிடத்தில் பாடம் நடந்தது 30 நிமிடம்.

இந்தக் கணக்கை வாரத்துக்குப் போட்டுப் பாருங்கள். 7 பீரியட், ஒவ்வொன்றிலும் 30 நிமிடம் என்றால் 210 நிமிடப் பாடம். இப்போது உங்கள் சக ஆசிரியர்கள் சொல்கிற திட்டம். நாளுக்கு 320 நிமிடத்தை ஐந்தாகப் பிரித்தால் பீரியட் 64 நிமிடம், வாரத்துக்கு 25 பீரியட். ஓவியம், கணினி, விளையாட்டு, நூலகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்தை ஒதுக்கினால், மிச்சம் 20. ஐந்து முக்கியப் பாடத்துக்கும் தலைக்கு 4. கணக்குக்கு 4 பீரியட், ஒவ்வொன்றிலும் அதே 10 நிமிடம் வீண் என்றால் 54 நிமிடம் வீதம் 216. பள்ளியையே புரட்டிப் போட்டு வாரத்துக்குக் கிடைக்கிற லாபம் 6 நிமிடம்.

அதே 40 நிமிட பீரியடில், வீணாகிற 10 நிமிடத்தை 5 ஆக்கினால் என்ன ஆகும்? 35 நிமிடம் வீதம் 245. லாபம் 35 நிமிடம், ஒரு மணியோசையைக்கூட மாற்றாமல். நீளமான பீரியடிலும் வீணை 5 ஆக்கினால் 236தான். ஏனென்றால் கணக்குக்கு இப்போது கிடைக்கிற 280 நிமிடம், 64 நிமிடக் கட்டத்தில் நாலேகாலுக்குச் சற்று மேல்; 4க்கும் 5க்கும் நடுவில் ஒரு பாடத்துக்கு அப்படிப் பீரியட் கொடுக்க முடியாது. கட்டம் பெரிதாகப் பெரிதாக, பங்கு பிரிப்பதும் முரட்டுத்தனமாகும்.

நிமிடத்தைவிட எனக்குக் கவலை வேறு. இன்று கற்றதை மறுநாள் மீண்டும் தொட்டால்தான் நிற்கும். கணக்கில் இது இரட்டிப்பு உண்மை. வாரம் நாலே நாள் கணக்கு என்றால், ஒரு நாள் பள்ளிக்கு வராத பையன் அந்த வாரத்துக் கணக்குப் பாடத்தில் கால்பங்கை இழக்கிறான்.

அந்த 10 நிமிடத்தை எங்கே பிடிப்பது? பெரும்பாலும் டைம்டேபிள் தாளிலேயே பிடிக்கலாம். வகுப்புவாரித் தாளை மட்டும் பார்த்தால் தெரியாது. ஆசிரியர்வாரித் தாளை எடுத்து, அடுத்தடுத்து வரும் இரண்டு பீரியடும் எந்தக் கட்டிடம், எந்த மாடி என்று பக்கத்தில் எழுதுங்கள். மாடிக்கும் தரைக்கும் ஓடவைக்கிற ஜோடிகள் பத்துப் பதினைந்தாவது இருக்கும். பாதியை இடம் மாற்றினாலே போதும். வீட்டுப்பாட நோட்டை காலையிலேயே லீடர் வாங்கி வைத்துவிட்டால் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சும். காலை அசெம்பிளி நீண்டு முதல் பீரியடைத் தின்பது மட்டும் ஹெச்.எம்.மிடம் பேசவேண்டிய விஷயம். அதைத் தாளில் சரிசெய்ய முடியாது.

நீளமான நேரம் உண்மையிலேயே தேவைப்படும் வேலைகள் உண்டு. அறிவியல் செய்முறைக்குச் சாமான் எடுத்து வைத்து, செய்து, கழுவி வைக்க 40 நிமிடம் போதாது. கட்டுரை எழுதுவதும், செய்முறை வடிவியலில் வட்டம் வரைவதும் அப்படியே. அதற்கு வாரத்தில் ஒரே ஒரு டபுள் பீரியட் போடுங்கள். ஆனால் இரண்டும் நடுவில் இடைவேளை வராமல் ஒட்டியிருக்கவேண்டும். இடைவேளை குறுக்கே வந்தால் அது டபுள் பீரியட் அல்ல, இரண்டு சிங்கிள்.

உங்கள் 7 கணக்கை நானாக இருந்தால் இப்படிப் போடுவேன்: ஐந்து நாளும் முற்பகலில் ஒன்று, அதில் ஒரு நாள் பக்கத்திலேயே இன்னொன்றை ஒட்டி டபுள், ஏழாவது வேறொரு நாள் பிற்பகலில், புதுப் பாடம் இல்லாமல் பயிற்சிக்கு மட்டும். டென்மார்க்கில் பள்ளி மாணவர்களின் சுமார் 20 லட்சம் தேர்வு முடிவுகளை வைத்து 2016இல் வெளியான ஆய்வு, நேரம் செல்லச் செல்ல மதிப்பெண் சிறிது சிறிதாக இறங்குவதையும், 20-30 நிமிட இடைவேளைக்குப் பின் மீண்டும் ஏறுவதையும் காட்டியது. அது தேர்வைப் பற்றியதுதான், பாடத்தைப் பற்றியதல்ல; வித்தியாசமும் சின்னதுதான். ஆனாலும், எல்லாப் பாடத்தையும் முற்பகலில் வைக்க முடியாது என்பதால், எட்டாவது பீரியடை ஒரே ஆசிரியர் தலையில் வருடம் முழுக்கக் கட்டாதீர்கள். மதிய உணவுக்குப் பிறகு மின்விசிறியும் சூட்டைத்தான் சுற்றும். அங்கே நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக, நம்ம ஊருக்கென்று ஒன்று. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை லீவு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒரு வருடம் அடுத்தடுத்து நாலு செவ்வாய்க்கிழமை போய், செவ்வாயில் மட்டும் இருந்த செய்முறை வகுப்பு ஒரு மாதம் நடக்கவே இல்லை. அந்தத் தாளைப் போட்டது நான்தான். அடுத்த வருடமே, கிழமையை விட்டுப் பள்ளி நடக்கும் நாட்களை வரிசையாக எண்ணும் டே ஆர்டருக்கு மாறினோம். செவ்வாய் லீவு என்றால் புதனன்று டே ஆர்டர் 2 நடக்கும். இழப்பு எல்லாப் பாடத்துக்கும் பரவும். இதில் ஒரு சிக்கல்: குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும் வரும் பகுதிநேர ஆசிரியர் இருந்தால் டே ஆர்டர் அவருக்குப் பொருந்தாது. அப்படிப்பட்டவர் ஒருவரோ இருவரோ இருந்தால், கிழமை முறையையே வைத்துக்கொண்டு, ஈடுசெய்யும் சனிக்கிழமைகளில் “லீவில் போன கிழமையின் டைம்டேபிள்” என்று அறிவித்துவிடுங்கள். எந்தக் கிழமை எத்தனை போயிற்று என்று அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தால் போதும். நான் அதைத்தான் செய்தேன்.