திட்ட அறிக்கையில் "போட்டியே இல்லை" என்று எழுதினால் என்ன தவறு?

"வங்கிக் கடனுக்கான அறிக்கையில் 'போட்டி இல்லை, வளர்ச்சி உறுதி' என்று எழுதலாமா?"

எழுத வேண்டாம். சான்று காட்ட முடியாத உறுதிமொழிகள் இவை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதுபோல, வங்கி மேலாளர் இப்படி ஒரு வரியைச் சோதித்துவிட்டு மற்ற கணக்கையும் சந்தேகிப்பார்.

மரச்செக்குக் கடலை எண்ணெய்த் தொழிலை எடுத்துக்கொள்வோம். ஊரில் வேறு செக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் மக்கள் இன்று மளிகைக் கடையில் பாக்கெட் எண்ணெய் வாங்குகிறார்கள், அதுதான் போட்டி. அதன் விலை, உங்கள் விலை, கூடுதல் பணம் தரப்போவது யார் என்று எழுதுங்கள்.

வளர்ச்சியை இயந்திரத்தின் திறனோடு ஒப்பிட்டாலே குட்டு உடையும். ஒரு தடவைக்கு 15 கிலோ பருப்பு, சுமார் 6 கிலோ எண்ணெய். நாளுக்கு 5 தடவை, மாதம் 25 நாள் ஆட்டினால் 750 கிலோ. முதல் ஆண்டு மாதம் 600 கிலோ, பிறகு ஆண்டுக்கு 50% வளர்ச்சி என்றால், இரண்டாம் ஆண்டிலேயே 900 கிலோ தேவை. செலவுப் பட்டியலில் இரண்டாவது செக்கோ கூடுதல் ஆளோ இல்லையென்றால், அந்த 50% கணக்குப் போட்டு வந்ததல்ல என்பது தெரிந்துவிடும்.

போட்டியாளரைக் குறிப்பிட்டால் கடன் கிடைக்காது என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில், ஏற்கெனவே வாங்குவோர் இருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று.